நாற்பது நொடிக்குள் ஒரே ஒரு வகுப்பறை நினைவு: ஆசிரியர் தின நன்றி வீடியோ எடுக்கும் முறை

ஆசிரியர் தினத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது என் அக்கா மகள் ஒரு காகிதத்தை நீட்டி, "சித்தி, இதை நான் பேசறேன், வீடியோ எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு எடுத்த டீச்சருக்கு அனுப்ப வேண்டுமாம். காகிதத்தில் இருந்தது இது:

"வணக்கம் டீச்சர். ஆசிரியர் தின நல்வாழ்த்துகள். நான் உங்களிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவி. நீங்கள் எங்களுக்குப் பாடம் மட்டுமல்ல, வாழ்க்கையையும் கற்றுத் தந்தீர்கள். மெழுகுவர்த்தி போல உங்களை உருக்கி எங்களுக்கு ஒளி தந்தீர்கள். உங்கள் சேவையை என்றும் மறக்க மாட்டேன். நன்றி டீச்சர்."

ஒரு பிழையும் இல்லை. சத்தமாகப் படித்தால் 25 நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் இதில் 'கணக்கு' என்ற சொல்லை 'அறிவியல்' என்று மாற்றினால் வேறொரு டீச்சருக்கு அப்படியே அனுப்பலாம். பேசும் ஆள் மாறினாலும் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாளில் அந்த டீச்சருக்கு இதே மெழுகுவர்த்தி எத்தனை முறை வந்து சேருமோ. என் அக்கா மகளுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று இந்த வீடியோவில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதைத் தேடி எடுத்ததில் தொடங்கி, டீச்சருக்கு அனுப்பியது வரை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் நினைவு வேறாக இருக்கும், வழி இதுதான்.

நினைவைப் பேச்சிலிருந்து எடுங்கள்

எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் மெழுகுவர்த்தியும் ஏணியும்தான் வரும். அதனால் முதலில் எழுதவே வேண்டாம். மாணவரை உட்காரவைத்து, பேச்சை போனில் ரெக்கார்ட் செய்துகொண்டு, சும்மா கேள்வி கேளுங்கள். மாணவர் நீங்களேதான் என்றால், அந்த டீச்சரைத் தெரியாத ஒரு நண்பருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது போலப் பேசுங்கள். தெரியாத ஆளிடம் சொல்லும்போதுதான் நாம் இடத்தையும் பொருளையும் விளக்குவோம்.

"அவங்களைப் பத்திச் சொல்லு" என்று கேட்டால் பொதுவான பாராட்டுதான் கிடைக்கும். என் அக்கா மகளும் "ரொம்ப நல்லவங்க, பொறுமையா சொல்லித் தருவாங்க" என்றுதான் ஆரம்பித்தாள். கேள்வியைச் சின்னதாக்கினேன். அவங்க கிளாஸ்ல நீ பயந்த நாள் எது? அப்போ நீ எங்க நின்னே? கையில என்ன இருந்துச்சு? அவங்க முதல்ல என்ன செஞ்சாங்க? என்ன சொன்னாங்கன்னு வார்த்தை ஞாபகம் இருக்கா?

மூன்றாவது கேள்வியில் அவள் குரல் மாறியது. "டஸ்டர் இருந்துச்சு சித்தி. அழிக்கப் போனேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. போர்டில் ஒரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுதியது இப்படி:

```
3(x − 4) = 18
3x − 12 = 18
3x = 18 − 12
```

மூன்றாவது வரியில் தப்பு. −12 அந்தப் பக்கம் போனால் +12 ஆக வேண்டும், இவள் கழித்துவிட்டாள். எழுதி முடித்ததும் தப்பு என்று தெரிந்துவிட்டது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று டஸ்டரை எடுத்திருக்கிறாள். டீச்சர் எழுந்து வந்து டஸ்டரை வாங்கி வைத்துவிட்டு, சாக்பீஸால் இரண்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "இதுவரைக்கும் சரி. இங்கேர்ந்து போடு" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சம்பவம். மொத்தமே ஒரு நிமிடம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

நாற்பது நொடிக்கு ஏற்ற நினைவு இந்த அளவில்தான் இருக்க வேண்டும். ஓர் இடம், ஒரு பொருள், டீச்சர் செய்த ஒரு செயல், அவர் சொன்ன ஒரு வாக்கியம். "ஒரு வருஷம் முழுக்க என்னை ஊக்கப்படுத்தினாங்க" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை நாற்பது நொடியில் காட்ட முடியாது. வருஷத்திலிருந்து ஒரு நாளை எடுங்கள், நாளிலிருந்து ஒரு செயலை எடுங்கள். மாணவர் பரிசு வாங்கிய நாள், முதல் மதிப்பெண் எடுத்த நாள் போன்றவற்றையும் நான் ஒதுக்கிவிடுவேன். அவற்றில் கேமரா மாணவர் மேலேயே நிற்கும், டீச்சர் ஓரத்தில் கைதட்டிக்கொண்டிருப்பார்.

படம் எடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியது

அவள் முதலில் சொன்னபோது, "மூணாவது வரியில தப்பு பண்ணிட்டேன், கிளாஸே சிரிச்சுது" என்று ஒரு வரி இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிஜமாகவே சிரித்தார்களா என்று கேட்டதும் தயங்கினாள். அதே வகுப்பில் இருந்த தோழிக்குப் போன் போட்டாள். தோழிக்கு அந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது. "யாரும் சிரிக்கலையே, எங்களுக்கும் எங்கே தப்புன்னு தெரியல" என்றாள். பயத்தில் நின்றவளுக்குச் சிரிப்பு கேட்ட மாதிரி இருந்திருக்கிறது. வரியை எடுத்துவிட்டோம். டீச்சரும் அந்த அறையில் இருந்தவர். நடக்காத ஒன்றை முதல் பத்து நொடியில் கேட்டுவிட்டால், அடுத்து வரும் உண்மையையும் அவர் நம்பிக் கேட்க மாட்டார்.

டீச்சர் சொன்ன வார்த்தைக்கும் இதே கவனம் வேண்டும். வார்த்தை அப்படியே ஞாபகம் இருந்தால் மட்டும் அவர் வாயில் வையுங்கள். இல்லையென்றால் "அழிக்க வேண்டாம்னு சொன்னீங்க" என்று கருத்தை மட்டும் சொல்லலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. அழகுக்காக ஒரு வாக்கியத்தை உருவாக்கி டீச்சர் பெயரில் ஏற்றுவதைத்தான் செய்யக்கூடாது.

இன்னொரு விஷயம். சில நினைவுகள் உண்மையாக, ஆழமாக இருந்தும் வீடியோவுக்கு ஆகாதவை. டீச்சர் யாருக்கும் தெரியாமல் பணம் கட்டி உதவியது, வீட்டுப் பிரச்சினையைக் கேட்டு ஆறுதல் சொன்னது, இன்னொரு மாணவரின் தப்பை மறைத்துக் காப்பாற்றியது போன்றவை. வீடியோ ஒரு முறை போனை விட்டுப் போனால் எங்கெங்கு போகும் என்று சொல்ல முடியாது. ரகசியமாகச் செய்ததை அவர் ரகசியமாகவே வைக்க விரும்பியிருக்கலாம். அதைக் கையால் எழுதிய கடிதமாகக் கொடுங்கள். வீடியோவுக்கு, முழு வகுப்பும் பார்த்திருக்கக்கூடிய ஒரு நினைவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சை அமைத்தல்: 46 சொல்

நிதானமாக, மூச்சு விட்டுப் பேசும் ஒரு மாணவர் 10 நொடியில் 15 தமிழ்ச் சொல் அளவுக்குப் பேசுகிறார். நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த கணக்கு இது, உங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அந்தக் கணக்கில் நாற்பது நொடிக்கு 60 சொல் வரும். ஆனால் அறுபதையும் நிரப்பினால் மூச்சு விட இடமே இருக்காது, கடைசி வரியை ஓடி ஓடிச் சொல்ல வேண்டியிருக்கும். 45-லிருந்து 50 சொல்லுக்குள் நிறுத்துங்கள். மீதி நேரம் அமைதிக்கு.

ரெக்கார்ட் செய்த பேச்சைத் திரும்பக் கேட்டு, அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். பேச்சுத் தமிழிலேயே. வகுப்பில் அவள் டீச்சரிடம் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் வீடியோவிலும் பேச வேண்டும். "கற்றுத் தந்தீர்கள்" என்று எழுதினால் வாய் தானாகவே மேடைக்குரலுக்குப் போய்விடும். முடிவில் நின்றது இது:

"டீச்சர், எட்டாவதுல ஒரு நாள் என்னை போர்டுல கணக்கு போடச் சொன்னீங்க. மூணாவது வரியில தப்பு பண்ணிட்டேன். நான் அழிக்கப் போனேன். நீங்க டஸ்டரை வாங்கி வச்சுட்டு, ரெண்டாவது வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டீங்க. 'இதுவரைக்கும் சரி. இங்கேர்ந்து போடு'ன்னீங்க. இப்பவும் ஏதாவது தப்பாப் போனா, முழுசா அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டை எங்க போடலாம்னு தேடறேன். அந்தக் கோட்டுக்கு நன்றி, டீச்சர்."

வணக்கம், வாழ்த்து, தன் அறிமுகம் மூன்றையும் எடுத்துவிட்டோம். சேர்த்தால் எட்டு நொடி அதிலேயே போய்விடும், அதில் டீச்சருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் அறிமுகம் இல்லாமலும் முடியாது. வருஷத்துக்கு நூறு பேருக்கு மேல் பாடம் எடுப்பவர் அவர். சில வருஷத்தில் முகமும் வளர்ந்து மாறியிருக்கும். எனவே பெயர், வகுப்பு, பிரிவு, ஆண்டு நான்கையும் முதல் நான்கு நொடிக்குத் திரையின் கீழே எழுத்தாகப் போட்டோம். வாய் நேராக நினைவுக்குள் போய்விட்டது.

அதிக நேரம் எடுத்தது கடைசிக்கு முந்தைய வாக்கியம்தான். நினைவைச் சொல்லிவிட்டு நேராக "நன்றி" என்றால், அந்த நாளோடு கதை முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அந்தக் கோடு இன்று எங்கே இருக்கிறது என்று ஒரு வாக்கியமாவது வேண்டும். அவள் முதலில் "இப்போ கணக்குல நல்ல மார்க் வாங்கறேன்" என்றாள். அது உண்மை, ஆனால் கோட்டுக்கும் மார்க்குக்கும் நடுவே தொடர்பு தெரியவில்லை. தப்பு வந்தால் இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கட்டுரை எழுதும்போதுகூட, காகிதத்தைக் கிழிக்காமல் எது வரைக்கும் சரி என்று பார்ப்பதாகச் சொன்னாள். அதுதான் வாக்கியமாயிற்று. உங்களுக்கும் இந்த இடத்தில் சிக்கினால், டீச்சர் செய்த அந்தச் செயலை மாணவர் இன்று வேறெங்கே செய்கிறார் என்று கேளுங்கள்.

கடைசி வரியிலும் "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று வராமல் பார்த்துக்கொண்டோம். நன்றி அந்தக் கோட்டுக்கு.

எந்த நொடியில் எது தெரிய வேண்டும்

முழுக்க முகத்தையே காட்டினாலும் வீடியோ தேறிவிடும். ஆனால் நினைவில் ஒரு பொருளோ ஒரு செயலோ இருக்கும்போது அதை ஒரே ஒரு தடவை அருகில் காட்டுவது நல்லது. ஒன்றுக்கு மேல் வேண்டாம். பள்ளிக் கட்டடம், பழைய குரூப் போட்டோ, பறக்கும் பூக்கள் எல்லாம் சேர்ந்தால் பார்ப்பவரின் கண் எதிலும் நிற்காது.

எங்கள் வரிசை இப்படி அமைந்தது. தொடக்கத்திலிருந்து 11-வது நொடி வரை அவள் முகம், "நான் அழிக்கப் போனேன்" வரைக்கும். 11-வது நொடியில் படம் ஸ்லேட்டுக்கு மாறுகிறது. அதில் அந்த மூன்று வரிகள் தெரிகின்றன. குரல் மட்டும் தொடர்கிறது. "ஒரு கோடு போட்டீங்க" என்று முடியும் 18-வது நொடியில் பேச்சு நின்று, ஒரு கை சாக்பீஸால் கோடு போடுகிறது. இரண்டு நொடி வேறு எந்தச் சத்தமும் இல்லை, சாக்பீஸ் உரசும் சத்தம் மட்டும். கோடு முடிந்ததும் "இதுவரைக்கும் சரி. இங்கேர்ந்து போடு'ன்னீங்க" என்று குரல் வருகிறது. 24-வது நொடியில் மறுபடி முகம். "இப்பவும்" என்று தொடங்கி 35-வது நொடியில் பேச்சு முடிகிறது. அதன் பிறகு இரண்டு நொடி அவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். மொத்தம் 37.

பின்னணி இசை போடவில்லை. போட்டிருந்தால் அந்தச் சாக்பீஸ் சத்தம் காணாமல் போயிருக்கும். வகுப்பறையில் பல வருஷம் நின்ற ஒருவருக்கு அந்தச் சத்தத்தைவிடப் பழகிய இசை இருக்காது. உங்கள் நினைவிலும் இப்படி ஒரு சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் புரட்டுவது, மேசையில் தட்டுவது, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பது. இருந்தால் அதற்கு இரண்டு நொடி ஒதுக்குங்கள்.

முகத்தை எடுப்பது

போனை நிமிர்த்தி, நெட்டுவாக்கில் பிடியுங்கள். டீச்சர் பார்க்கப் போவதும் போனில்தான். செட்டிங்கில் 1080p, 30 fps போதும். லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். பாக்கெட்டில் இருந்து எடுத்த போனில் விரல் எண்ணெய் படிந்து படம் மங்கலாக, வெளிச்சம் பரவினாற்போல் தெரியும்.

வெளிச்சத்துக்குப் பகல் நேரத்து ஜன்னல் போதும். மாணவர் ஜன்னலைப் பார்த்து, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், சில விளக்குகளில் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எடுக்கும் முன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பேசும்போது தலை அசைந்தாலும் படம் வெளுத்து, இருண்டு விளையாடாது.

பின்பக்கக் கேமராவில் எடுங்கள். அதில் படம் தெளிவாக இருக்கும் என்பது ஒரு காரணம். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் மாணவர் திரையில் தெரியும் தன் முகத்தைத்தான் பார்ப்பார், கண் லென்ஸுக்கு வராது என்பது அதைவிடப் பெரிய காரணம். லென்ஸ் கண் உயரத்தில் இருக்கட்டும். தூரம் ஒரு கை நீட்டும் அளவு, அறுபது எழுபது சென்டிமீட்டர். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே நெஞ்சு வரை தெரிந்தால் சரி. இதைவிடத் தள்ளிப் போனால் குரலோடு அறையின் எதிரொலியும் சேர்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும்.

சத்தம் கெட்டுப்போன வீடியோவை எடிட்டிங்கில் காப்பாற்றுவது கஷ்டம். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், போனின் அடியில் இருக்கும் மைக் துளையைப் பிடிப்பவரின் விரல் மூடாமல் பாருங்கள். எங்கள் முதல் டேக் முழுக்க என் சுண்டுவிரல் அந்தத் துளையின் மேல் இருந்தது. இயர்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் குரல் போர்வைக்குள் இருந்து வந்தது. நல்ல பேச்சு அது, அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு முதலில் ஐந்து நொடி மட்டும் எடுத்து, இயர்போனில் கேட்டுவிட்டு மீதியை எடுத்தோம்.

பேசுவதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். காகிதத்தை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிப் படிக்கவைத்தால் கண் இடமும் வலமும் ஓடுவது திரையில் அப்படியே தெரியும். அதற்குப் பதில் நான்கு சொல் மட்டும் ஞாபகம் இருந்தால் போதும் என்றேன்: போர்டு, டஸ்டர், கோடு, இப்பவும். வார்த்தை ஒன்றிரண்டு மாறினால் மாறட்டும். தொடங்கும் முன் ஒரு மூச்சு இழுத்து, வாய்க்குள் "டீச்சர்" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்ளச் சொன்னேன். அப்போதுதான் அந்த முதல் சொல் கூப்பிடுகிற சொல்லாக வருகிறது. இல்லையென்றால் தலைப்பு படிப்பது போல விழும்.

ஐந்தாறு டேக்குக்கு மேல் போக வேண்டாம். நாங்கள் எடுத்தது ஆறு, பயன்படுத்தியது இரண்டாவது. ஆறாவதில் ஒரு தடுமாற்றமும் இல்லை, ஆனால் "அழிக்கப் போனேன்" என்று சொல்லும்போது முதலில் அவள் முகத்தில் வந்த மாற்றமும் இல்லை. கண் கலங்கினால் நிறுத்த வேண்டாம், ஓடவிடுங்கள். கலங்கச் சொல்லியும் கேட்காதீர்கள்.

எடுத்து முடித்ததும் அதே இடத்தில் யாரும் பேசாமல் பத்து நொடி ரெக்கார்ட் செய்துவையுங்கள். இதன் பயன் எடிட்டிங்கில் தெரியும்.

கோட்டை எடுப்பது

கரும்பலகை கிடைக்கவில்லை, ஒரு ஸ்லேட் கிடைத்தது. அதுவும் இல்லையென்றால் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

மூன்று வரிகளையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். முதல் தடவை அவள் வரிகளை நெருக்கி எழுதிவிட்டாள். கோடு போட்டபோது அது மூன்றாவது வரியின் தலையில் உரசி, அடித்துவிட்ட மாதிரி தெரிந்தது. தப்பை அடிப்பது வேறு, சரியானதற்குக் கீழே கோடு போடுவது வேறு. இந்தப் படத்தில் அந்த வித்தியாசம்தான் கதையே. இரண்டாவது தடவை இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டு எழுதினாள். சாக்பீஸ் கிறீச்சிட்டால் பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடித்துப் போடுங்கள்.

போனை எதிலாவது சாய்த்து நிறுத்தி, வரிகள் திரையை நிரப்பும் அளவுக்குக் கிட்டே வையுங்கள். பதிவு தொடங்கிப் பத்து நொடி எதுவும் அசையக்கூடாது. அப்புறம் கை உள்ளே வந்து, இரண்டு நொடி எடுத்துக்கொண்டு கோட்டைப் போட்டு, வெளியே போக வேண்டும். அதன் பிறகு இன்னும் ஐந்து நொடி அசையாமல் ஓடட்டும். இப்படி முன்னும் பின்னும் மிச்சம் இருந்தால்தான் பேச்சோடு பொருத்தும்போது கை கட்டுப்படாது.

ஒட்டுவது

எந்த எடிட்டிங் ஆப் ஆனாலும் முதல் வேலை ஒன்றுதான். முகம் பேசும் டேக்கை முழுதாக அடியில் வைத்து, முன்னும் பின்னும் உள்ள வெற்று நேரத்தை வெட்டுங்கள். முதல் சொல்லுக்கு முன் அரை நொடி இருந்தால் போதும். பிறகு ஸ்லேட் படத்தை மேலே இன்னோர் அடுக்காக வையுங்கள். ஆப்களில் இதற்கு 'ஓவர்லே' என்று பெயர் இருக்கும். கீழே உள்ள டேக்கின் குரல் ஓடிக்கொண்டே இருக்க, படம் மட்டும் மாறும்.

கோடு போடும் இரண்டு நொடி இடைவெளியை அவள் பேசும்போது விடவில்லை, ஒரே மூச்சில் தொடர்ந்துவிட்டாள். பிரச்சினை இல்லை. அந்த இடத்தில் திரையில் ஸ்லேட் இருப்பதால், கீழே உள்ள டேக்கை "போட்டீங்க"வுக்குப் பின் வெட்டி இரண்டு நொடி தள்ளிவைத்தேன். வெட்டியது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். அறையின் மெல்லிய ஓசை திடீரென்று அறுந்து, போன் செத்துவிட்ட மாதிரி இருக்கும். முன்பே எடுத்துவைத்த பத்து நொடி அமைதியை அந்த இடைவெளியின் அடியில் வைத்தால் அந்த அறுபடல் மறைந்துவிடும். சாக்பீஸ் சத்தத்தை அதன் மேல் வையுங்கள், குரலைவிடக் கொஞ்சம் தாழ்வாக.

அப்புறம் எழுத்து. டீச்சர் சத்தம் இல்லாமல் பார்க்கும் சூழ்நிலையில் இருக்கலாம், எனவே பேச்சை எழுத்தாகப் போடுவது நல்லது. தானாக எழுத்து போடும் வசதியை நம்பி விட்டுவிடாதீர்கள், பேச்சுத் தமிழை அது பல இடத்தில் தப்பாகப் பிடிக்கும். கையாலேயே அடியுங்கள். ஒரு நேரத்தில் நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். திரையின் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிவையுங்கள்.

தமிழில் எழுத்து போடும்போது வரும் ஒரு தொல்லை இதில் உண்டு. சில ஆப்களில், சில எழுத்துருக்களில் கொம்பும் காலும் பிரிந்துவிடும். 'கோடு' என்பதில் கொம்பு ஓரிடத்திலும் க இன்னோரிடத்திலும் நிற்கும். எடிட் செய்யும் திரையில் சரியாகத் தெரிந்து, சேவ் செய்த பிறகு உடைவதும் உண்டு. எங்கள் வீடியோவில் மிக முக்கியமான சொல்லே கோடுதான். அதனால் முதலில் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து மூன்று நொடி வீடியோவாகச் சேவ் செய்து, கேலரியில் திறந்து பார்த்தேன். உடைந்திருந்தது. எழுத்துருவை மாற்றியதும் சரியாயிற்று. கெ, கே, கொ, கோ, கை வரும் சொற்களை வைத்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

முகத்தை மெருகேற்றும் ஃபில்டர் எதையும் தொடவில்லை. தன் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையை டீச்சர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

அனுப்பும் முன்பும் பின்பும்

சம்பவம் தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டி, "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் "கோடு" என்றோ "டஸ்டர்" என்றோ சொன்னால் வேலை முடிந்தது. "நல்லாப் பேசியிருக்கா" என்று மட்டும் சொன்னால், பொருள் மனதில் நிற்கவில்லை. பெரும்பாலும் அருகில் காட்டும் படம் சீக்கிரம் போயிருக்கும், அல்லது பேச்சில் இன்னும் ஒரு பாராட்டு வரி ஒளிந்திருக்கும். என் அக்காவிடம் காட்டினோம். "இந்தக் கோட்டுக் கதையை என்கிட்ட நீ சொன்னதே இல்லையே" என்று மகளைப் பார்த்துக் கேட்டாள்.

வேறொரு போனில், இயர்போன் இல்லாமலும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அளவைச் சுருக்கும்போது படம் மங்கும், ஸ்லேட்டில் உள்ள மெல்லிய கோடு முதலில் அடிவாங்கும்.

ஆசிரியர் தினத்தன்று காலையில் அவருடைய போன் வாழ்த்துகளால் நிரம்பிவிடும். நாங்கள் முந்தைய நாள் மாலையே அனுப்பினோம். டீச்சருக்கு நேராக, தனியாக. வகுப்பு குரூப்பிலோ ஸ்டேட்டஸிலோ போடவில்லை. அவர் பார்த்துவிட்டு, போடலாம் என்று சொன்ன பிறகு போடுவது அடுத்த விஷயம். கூடவே அவள் எழுதியது ஒரு வரி: "டீச்சர், சத்தத்தோட பாருங்க, 37 செகண்ட்தான்."

அன்று இரவு ஒன்பது மணிக்கு டீச்சரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு காகிதத்தில் அந்த முதல் இரண்டு வரிகள், அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவர் கையெழுத்தில் 3x = 30, அதற்கும் கீழே x = 10.